பிளானில் இரண்டு அளவு இல்லையா? கணக்குப் போட்டுவிடலாம்

பினாங்கில் அடுக்குமாடி வீட்டுக்கு டைல்ஸ் போட, பிளானை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். ‘எல்’ வடிவ ஹாலின் ஆறு பக்கங்களில் நான்குக்குத்தான் அளவு இருக்கும். படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். சாய்த்து எடுத்த படம் பொய் சொல்லும்.

கீழ்ப்பக்கம் 6000, இடது 5000, மேல் 3500, வலது 2000 என்று வைத்துக்கொள்வோம். பிளானில் இப்படி இருந்தால் மில்லிமீட்டர். மீட்டராக்க 1000-ஆல் வகுக்கவும். உள்மூலையில் விடுபட்ட படுக்கைப் பக்கம் 6 − 3.5 = 2.5 மீட்டர், செங்குத்துப் பக்கம் 5 − 2 = 3 மீட்டர். எதிரெதிர்ப் பக்கங்களின் மொத்த நீளம் சமம், அவ்வளவுதான்.

சுற்றளவு 6 + 2.5 + 3.5 + 5 + 3 + 2 = 22 மீட்டர். உண்மையில் இதற்கு விடுபட்ட அளவுகளே வேண்டாம்: 2 × (6 + 5) போதும். சுவரோரப் பட்டைக்கு இதில் வாசல் அகலத்தைக் கழியுங்கள்.

பரப்பளவுக்குத்தான் அவை தேவை. முழுச் செவ்வகம் 30, வெட்டுப்பட்ட மூலை 2.5 × 3 = 7.5, மீதி 22.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 242 சதுர அடி. சரிபார்க்க இரண்டாகப் பிரியுங்கள்: 3.5 × 5 = 17.5, 2.5 × 2 = 5. கூட்டினால் அதே 22.5 வரவேண்டும்.

மூலைகள் எல்லாம் செங்கோணமாக இருந்தால்தான் இது செல்லும். சாய்ந்த சுவர் இருந்தால் டேப்பை எடுத்து நேரில் அளப்பதுதான் வழி.