ஓடி முடித்த பிறகு வரும் இளைப்பு: ஆஸ்துமாவா என்று கண்டுபிடிப்பது எப்படி, வார்ம்-அப் செய்வது எப்படி?

ஓடும்போது மூச்சு வாங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால்தான் ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமா இருப்பவர்களில் பலர், "எனக்கு இன்னும் ஸ்டாமினா வரல" என்று நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி கடிகாரம். மூச்சுத் திணறல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைவிட, அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது மூக்கு போதாமல் வாயாலும் மூச்சு விடுகிறோம். காய்ந்த காற்று அதிக அளவில் நேராக மூச்சுக்குழாய்களுக்குள் போய், அவற்றின் உள்சுவரில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சிலருக்கு இந்த வறட்சியே தூண்டுதலாகிறது. அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை வெளிவிட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, பாதை குறுகிவிடுகிறது. குளிர்ந்த, வறண்ட காலையில் தொல்லை கூடுவதும், நீச்சல் குளத்தின் ஈரக்காற்றில் பலருக்குக் குறைவாக இருப்பதும் இதனால்தான். (குளத்தின் குளோரின் வாடையே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அது வேறு விஷயம்.)

மற்றபடி ஆஸ்துமாவே இல்லாதவர்களுக்கும் இது வரும்.

படி 1: நேரத்தைக் குறித்து வையுங்கள்

அடுத்த சில ஓட்டங்களுக்கு, ஓடி நின்றதும் கடிகாரத்தைப் பாருங்கள். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி சத்தம் ஆகியவை எந்த நிமிடத்தில் தொடங்கின, எப்போது அடங்கின என்று எழுதுங்கள். அன்றைக்குக் குளிரா, புகையா, சளி இருந்ததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடல் பழக்கமில்லாததால் வரும் மூச்சிரைப்பு, ஓடும்போதுதான் உச்சத்தில் இருக்கும். நின்றால் ஓரிரு நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். ஆஸ்துமா வகை இறுக்கம் பெரும்பாலும் நின்ற பிறகுதான் ஏறும். 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தானாக விடும். ஓடும்போதே வருபவர்களும் உண்டு, ஆனாலும் நின்றவுடன் சட்டென்று போகாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஆஸ்துமா என்று அடிக்கடி தவறாக முத்திரை குத்தப்படுவது இதுதான். ஓடும்போது தொண்டையில் இருக்கும் குரல்வளை குறுகிவிடும். இதில் சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். இறுக்கம் நெஞ்சில் இல்லாமல் தொண்டையில் தெரியும், நின்ற சில நிமிடங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு இன்ஹேலர் உதவாது. ஆகவே சத்தம் உள்மூச்சிலா வெளிமூச்சிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு இது பெரிய துப்பு.

படி 2: முடிந்தால் ஊதிப் பாருங்கள்

மருந்துக் கடைகளில் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் கிடைக்கும். மூச்சை முழுதாக இழுத்து, ஒரே மூச்சில் முடிந்தவரை வேகமாக ஊதினால் ஒரு எண்ணைக் காட்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஓட்டக்காரரின் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடுமுன் 400. 8 நிமிடம் வேகமாக ஓடி நின்ற 5-வது நிமிடத்தில் 340, 10-வது நிமிடத்தில் 320, 30-வது நிமிடத்தில் 390. உச்சகட்டத்தில் 80 குறைந்திருக்கிறது, அதாவது 20 சதவீதம். பிறகு தானாக ஏறிவிட்டது. நின்றபின் இறங்கி, பின்னர் மீளும் இந்த வடிவம் ஆஸ்துமாவின் பக்கம் கை காட்டுகிறது. ஆனால் சரியாக ஊதாவிட்டாலும் எண் குறையும் என்பதால், இதை வைத்து நீங்களே முடிவுக்கு வரக்கூடாது.

படி 3: வார்ம்-அப்பை மாற்றுங்கள்

மூச்சுக்குழாய் ஒருமுறை தூண்டப்பட்டுவிட்டால், ஏறத்தாழ பாதிப்பேருக்கு அடுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரம் அது அவ்வளவாக இறுகாது. வார்ம்-அப்பில் நாம் பயன்படுத்திக்கொள்வது இதைத்தான். அதனால் மெதுவாக நடந்து கையைக் காலை நீட்டி மடக்குவது மட்டும் போதாது, நடுவில் கொஞ்சம் வேகம் வேண்டும்.

1. 5 நிமிடம் வேக நடை அல்லது மெல்லோட்டம்.
2. 30 விநாடி நல்ல வேகத்தில் ஓட்டம், பிறகு ஒரு நிமிடம் நடை. ஓடும்போது ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேச வராத வேகம் வேண்டும், ஆனால் உயிரைக் கொடுத்து ஓட வேண்டாம். முதல் வாரம் இதை 4 முறை செய்யுங்கள். ஒத்துக்கொண்டால் மெல்ல 8 வரை கூட்டலாம்.
3. 5 முதல் 10 நிமிடம் மெதுவான நடை. பிறகுதான் உண்மையான ஓட்டம்.

நடுவில் நெஞ்சு இறுகினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். குளிர் நாளில் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், வெளிவிடும் மூச்சின் ஈரம் உள்ளே போகும் காற்றுக்குக் கிடைக்கும். புகைமூட்டம் உள்ள நாளிலும், சளி பிடித்திருக்கும்போதும் வேகப் பயிற்சி வேண்டாம்.

பாதிப்பேருக்கு இந்த உத்தி அவ்வளவாகப் பலன் தராது என்பதை மனதில் வையுங்கள். மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் வார்ம்-அப் அதற்கு மாற்றும் ஆகாது.

படி 4: எப்போது மருத்துவரிடம்?

மேலே சொன்ன வடிவம் இரண்டு மூன்று ஓட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தாலே போய்ப் பார்க்கலாம். உங்கள் குறிப்பையும் கொண்டுபோங்கள். உட்கார்ந்த நிலையில் குழாயில் ஊதிச் செய்யும் ஸ்பைரோமெட்ரி சோதனை இவர்களில் பலருக்குச் சாதாரணமாகவே வரும். அதனால் "ஓடிய பிறகு ஊதிப் பார்க்கும் சோதனை தேவையா?" என்று கேளுங்கள். அதில் முதல் விநாடியில் ஊதும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பொதுவாக உறுதி செய்வார்கள்.

வழக்கமாகத் தரப்படுவது, ஓடுவதற்குச் சுமார் 15 நிமிடம் முன் எடுக்கும் சால்புடமால் இன்ஹேலர். நண்பருடையதை வாங்கி அடித்துப் பார்க்காதீர்கள். தினமும் அது தேவைப்படுகிறது என்றாலோ, இரவில் இருமல் எழுப்புகிறது என்றாலோ மறுபடி போக வேண்டும். தினசரி உபயோகத்தில் அது தரும் பாதுகாப்பு குறையும் என்பதால், மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் வேறு மருந்தைச் சேர்ப்பார்கள்.

ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் இதயத்தைச் சோதிக்கும் வரை ஓடக்கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, இன்ஹேலர் எடுத்தும் விடவில்லை, அல்லது உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்குகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சுத் திணறினால், வரும்வரை படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள்.