சுவரொட்டியில் தேதியும் இடமும் பின்னால் போய்விடுவது ஏன்?

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ் மொழி விழாவையொட்டி வாட்ஸ்அப் குழுக்களிலும் புளோக்குகளின் மின்தூக்கிப் பக்கத்துப் பலகைகளிலும் சுவரொட்டிகள் நிறைந்துவிடும். நண்பர்களின் கவிதை வாசிப்பு ஒன்றுக்கு நானும் ஒன்று செய்தேன். ஏ3 தாள், தலைப்பின் எழுத்தளவு 90 புள்ளி, விருந்தினர் மூவரின் படங்கள், அடியில் ஒரே வரியில் தேதியும் நேரமும் இடமும். அனுப்பிய அன்றிரவே, "அண்ணே, என்னைக்கு? எங்கே?" என்று நான்கைந்து பேர் கேட்டார்கள். எல்லாம் அதிலேயே இருந்தது, ஆனால் யார் கண்ணிலும் படவில்லை.

முதல் தவறு, தேதியை ஒரு வாக்கியம்போல எழுதியது. "ஏப்ரல் 18, சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு" என்பது தமிழில் நீளமான வரி. ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஓரம் விட்டால், இந்த வரியை ஏறத்தாழ 35 புள்ளிக்கு மேல் பெரிதாக்க முடியாது, மடங்கிவிடும். கைப்பேசித் திரையின் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். தாள் அங்கே நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதால் 35 புள்ளி எழுத்து 9 புள்ளிகூடத் தேறாது. விரலால் பெரிதாக்கிப் பார்ப்பவர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். மற்றவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

அதனால் வரியை உடைக்க வேண்டும். நான் "18" என்ற எண்ணை மட்டும் 220 புள்ளியில் வைத்தேன். அதன் வலப்பக்கம் "ஏப்ரல், சனி" என்று ஒரு வரி, கீழே "மாலை 6.30" என்று ஒரு வரி, இரண்டும் 60 புள்ளி. "கிழமை", "மணிக்கு" எல்லாம் போயின. அவை இல்லாமலே பொருள் புரிகிறது.

இடத்திலும் இதே சிக்கல்தான். "100 விக்டோரியா ஸ்திரீட், சிங்கப்பூர் 188064" என்று முகவரியிலிருந்து தொடங்கினால், படிப்பவர் அதை மனத்தில் ஓர் இடமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "தேசிய நூலகம்" என்றால் உடனே தெரிந்துவிடும். அதை 72 புள்ளியில் தேதிக்கு நேர் கீழே வைத்தேன். "16ஆம் தளம், பூகிஸ் எம்ஆர்டி அருகில்" என்பது அதற்கடுத்த வரி, பாதி அளவில். முழு முகவரி அடியில் சிறிதாக இருந்தால் போதும். கிளம்பிய பிறகு தேவைப்படுவது அது.

இரண்டாவது தவறு, எனக்குத் தெரிந்து இங்கே அதிகம் நடப்பது: இருமொழிச் சுவரொட்டியில் ஆங்கிலம் தானாகவே உரத்துப் பேசிவிடும். ஆங்கிலத்தில் A, B போன்ற பெரிய எழுத்துகள் இருக்கின்றன, அவை எல்லாம் ஒரே உயரத்தில் கட்டையாக நிற்கும். தமிழில் அப்படி ஒன்று இல்லை. ஒரே புள்ளி அளவு கொடுத்தாலும், மேலே சுழியும் கீழே இறங்கும் கோடும் போக, தமிழ் எழுத்தின் உடல் சிறிதாகத் தெரியும். இரண்டுக்கும் 40 கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினோம் என்று நினைக்கக் கூடாது. ஆங்கிலத்தை a, b போன்ற சிறிய எழுத்துகளில் போட்டு, அளவையும் நான்கில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள், அப்போதுதான் ஏறத்தாழச் சமமாகும்.

சரி, தமிழைத் தடிமனாக்கினால் போதுமே என்று தோன்றும். எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இருந்தால் சரி. இல்லையென்றால் மென்பொருள் கோட்டின் மேல் கோடு பூசிவிடும். சிறிய அளவில் "ண", "ஞ", "ழை" ஆகியவற்றின் உள்ளிருக்கும் வெற்றிடம் அடைபட்டுக் கறையாகிவிடும். தடிமனை நம்புவதைவிடச் சுற்றிலும் வெற்றிடம் விடுவது நல்லது. என் பழைய சுவரொட்டியில் தேதிக்குப் பின்னால் கோபுரப் படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தை மேல் பாதியோடு நிறுத்தியதும் எழுத்தைத் தொடாமலே தேதி முன்னால் வந்தது.

மூன்றாவது, விருந்தினர் படங்கள். இதில் யார் மனமும் வருந்தக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சுவரொட்டியில் கண் பெரும்பாலும் முதலில் முகத்துக்குத்தான் போகும். மூன்று முகங்கள் பெரிதாக இருந்தால் எந்த எண்ணும் போட்டி போட முடியாது. முகங்களை நான் கட்டைவிரல் அகலத்துக்குக் குறைத்து, ஒரே வரிசையில், இடத்துக்குக் கீழே வைத்தேன். பெயர்கள் முழுதாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேதியும் இடமும் முதலில் தெரிந்து, நிகழ்ச்சி என்னவென்று தெரியாமல் போனால் பயனில்லை. தலைப்பு கவித்துவமாக இருந்தாலும், "கவிதை வாசிப்பு" என்ற இரண்டு சொற்கள் தேதியை ஒட்டியே இருக்கட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் சுவரொட்டியை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, விஷயம் தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டி மூடிவிடுங்கள். என்றைக்கு, எங்கே என்று கேளுங்கள். அவர் விருந்தினர் பெயரைச் சொன்னால் படத்தை இன்னும் சிறிதாக்குங்கள். தேதி சொல்லி இடத்துக்குத் தடுமாறினால், பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே வேறு ஏதோ வரி புகுந்திருக்கும். என்னுடையதில் அது "அனுமதி இலவசம்".