இரண்டு பக்கமும் 4 வாட், ஆனாலும் விடை தப்பு: சமான சோர்ஸும் பவர் பேலன்ஸும்

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு. "அண்ணா, சோர்ஸ் கொடுக்குறது 4 வாட், ரெசிஸ்டர் ரெண்டும் எடுக்குறது 4 வாட். பேலன்ஸ் ஆகுது. அப்புறம் ஏன் தப்புன்னு சுழிச்சிருக்காங்க?" என்றான். கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. சரிபார்த்த இடம்தான் தப்பு. அவன் கொண்டுவந்த கணக்கையே இங்கே முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறேன்.

```
  +---[ 6 Ω ]---+--------+--------+
 (+)            |        |        |
 24 V          3 Ω     2 A ↑     2 Ω
 (-)            |        |        |
  +-------------+--------+--------+
```

வலது ஓரத்தில் இருக்கும் 2 ஓம்தான் லோடு. அதில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு என்பது கேள்வி.

படி 1: லோடைக் கழற்றி ஓரமாக வையுங்கள்

எந்தக் கிளையின் மின்னோட்டம் வேண்டுமோ, அந்தக் கிளையை மட்டும் சுருக்கக் கூடாது. லோடையும் பக்கத்து 3 ஓமோடு சேர்த்து ஒரே தடையாக்கிவிட்டால், நாம் தேடுகிற மின்னோட்டமே படத்தில் இருக்காது. அதனால் லோடு இருந்த இடத்தில் இரண்டு முனைகளை மட்டும் விட்டுவைத்து, அவற்றுக்கு இடப்பக்கம் உள்ளதைச் சுருக்குவோம்.

படி 2: 24 வோல்ட்டை கரண்ட் சோர்ஸாக மாற்றுங்கள்

24 வோல்ட்டும் 6 ஓமும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. இந்த ஜோடியின் இரு முனைகளையும் ஷார்ட் செய்தால் 24 / 6 = 4 ஆம்பியர் ஓடும். ஆகவே 4 ஆம்பியர் கரண்ட் சோர்ஸ் ஒன்றை வரைந்து, அதே 6 ஓமை அதற்குப் பக்க இணைப்பில் போட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். முனைகளைத் திறந்து வைத்தால் 4 × 6 = 24 வோல்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள்; கிடைக்கும்.

அம்புக்குறி விஷயத்தில் ஒரே விதிதான்: பிளஸ் எந்தப் பக்கமோ, அம்பின் முனை அந்தப் பக்கம். இங்கே பிளஸ் மேலே இருப்பதால் அம்பும் மேலே.

தொடரில் தடையே இல்லாத வெறும் வோல்டேஜ் சோர்ஸை இப்படி மாற்ற முடியாது. 24-ஐ 0-ஆல் வகுக்க வேண்டிவரும்.

படி 3: சேர்த்து, திருப்பி மாற்றுங்கள்

இப்போது எல்லாமே பக்க இணைப்பில் வந்துவிட்டன. 4 ஆம்பியரும் 2 ஆம்பியரும் மேல்நோக்கியே இருப்பதால் கூட்டினால் 6 ஆம்பியர். 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் 2 ஓம். 6 ஆம்பியரையும் 2 ஓமையும் மறுபடி வோல்டேஜ் சோர்ஸாக மாற்றினால் 12 வோல்ட், தொடரில் 2 ஓம். லோடைத் திரும்ப மாட்டுங்கள்.

```
I = 12 / (2 + 2) = 3 A
V = 3 × 2 = 6 V
```

விடை 3 ஆம்பியர். கணக்கு இத்தோடு முடிந்தது. சரிபார்ப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

படி 4: பவரை அசல் சர்க்யூட்டில் சரிபாருங்கள்

சுருக்கிய படத்தில் பார்த்தால் சோர்ஸ் 12 × 3 = 36 வாட் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் 2 ஓமில் 18, லோடில் 18. சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒரே வளையம் உள்ள சர்க்யூட்டில் இது எப்போதுமே சரியாகத்தான் வரும். 12 வோல்ட்டுக்குப் பதில் தவறுதலாக 50 வோல்ட் என்று எடுத்திருந்தாலும் பேலன்ஸ் ஆகும். நம் தம்பி மாட்டியது இங்கேதான்.

அசல் படத்துக்குத் திரும்புவோம். சுருக்கிய படத்திலிருந்து எடுத்துக்கொள்வது லோடின் 6 வோல்ட் ஒன்றை மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் ஓம் விதியால் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

```
6 Ω : (24 - 6)/6 = 3 A  →  3² × 6 = 54 W
3 Ω : 6/3 = 2 A         →  2² × 3 = 12 W
2 Ω : 3 A               →  3² × 2 = 18 W
                     மொத்தம் = 84 W

24 V சோர்ஸ் : 24 × 3 = 72 W
2 A சோர்ஸ்  :  6 × 2 = 12 W
                     மொத்தம் = 84 W
```

ஒரு பக்கம் 84, மறுபக்கமும் 84. இனி நம்பலாம்.

அங்கே 36 வாட், இங்கே 84 வாட்டா என்று திகைக்க வேண்டாம். சமானம் என்பது முனைகளுக்கு வெளியே மட்டும்தான்; உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. படி 2-ல் பார்த்த ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். முனைகளில் எதையும் மாட்டாமல் விட்டால் 24 வோல்ட், 6 ஓம் தொடரில் மின்னோட்டமே இல்லை. செலவு 0 வாட். அதன் சமானத்திலோ 4 ஆம்பியர் முழுவதும் பக்கத்திலுள்ள 6 ஓமில் சுற்றிக்கொண்டிருக்கும்; 4² × 6 = 96 வாட் வீண். ஆனாலும் முனைகளில் இரண்டுமே 24 வோல்ட்தான் காட்டும். லோடின் 18 வாட் மட்டும் இரு படத்திலும் மாறாமல் இருப்பதற்குக் காரணம், லோடு முனைகளுக்கு வெளியே இருப்பதுதான்.

தம்பியின் நோட்டில் நடந்தது

அசல் படத்தை அவன் சரியாகத்தான் வரைந்திருந்தான். இரண்டாவது படத்துக்கு மாற்றி வரையும்போது 2 ஆம்பியரின் அம்பு தலைகீழாகிவிட்டது. அதனால் 4 - 2 = 2 ஆம்பியர்; அது 4 வோல்ட், 2 ஓம் என்றானது; லோடில் 1 ஆம்பியர், 2 வோல்ட். சுருக்கிய படத்தில் 4 வாட்டுக்கு 4 வாட். டிக் போட்டுவிட்டான்.

அந்த 2 வோல்ட்டை அசல் படத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 6 ஓமில் 22 / 6 = 3.67 ஆம்பியர், 80.67 வாட். 3 ஓமில் 1.33 வாட், லோடில் 2 வாட். தடைகள் எடுப்பது மொத்தம் 84 வாட். சோர்ஸ்கள் கொடுப்பதோ 88 + 4 = 92 வாட். 8 வாட் இடிக்கிறது. (தடைகளின் மொத்தம் இங்கேயும் 84 வந்தது தற்செயல், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.)

இந்த 8 வாட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதை மேல் முனையின் 2 வோல்ட்டால் வகுத்தால் 4 ஆம்பியர் வருகிறது. மேல் முனைக்கு வரும் மின்னோட்டத்துக்கும் அதைவிட்டுப் போகும் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். படத்தில் இருக்கும் 2 ஆம்பியரின் சரியாக இரண்டு மடங்கு. கூட்ட வேண்டியதைக் கழித்தால் பிழை இரண்டு மடங்காகத்தான் வரும். எந்த அம்பு திரும்பியது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது.

தம்பி விடவில்லை. "அப்போ கேள்வித்தாளிலிருந்து முதல் படத்தை எழுதும்போதே அம்பைத் தப்பா போட்டிருந்தா?" என்றான். நல்ல கேள்வி. அப்போது மேல் முனையில் 2 வோல்ட் என்பதே அந்தப் படத்துக்குச் சரியான விடை. 2 ஆம்பியர் சோர்ஸ் பவரைக் கொடுக்காது. மின்னோட்டம் அதன் பிளஸ் பக்கம் உள்ளே நுழைவதால் 4 வாட்டை உறிஞ்சும். 24 வோல்ட் கொடுப்பது 88, தடைகளும் அந்த சோர்ஸும் எடுப்பது 84 + 4 = 88. அழகாகப் பேலன்ஸ் ஆகும். கேட்ட கேள்விக்கு மட்டும் விடையாகாது. அதற்கு, கணக்கைத் தொடங்கும் முன் கேள்வித்தாளின் படத்தையும் நோட்டின் படத்தையும் அம்புக்கு அம்பு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.