தானியங்கித் தெருவிளக்குத் திட்டம்: முதலில் பிளாக் டயகிராம், பிறகு சுருக்கம்

வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், மரப்பலகையில் பொருத்திய தெருவிளக்கு மாதிரியை மூன்று பாலிடெக்னிக் மாணவர்களுடன் ஒரு மாலை சோதித்துக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது, மீண்டும் எரிந்தது. ரிலே ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர்களுடைய திட்ட அறிக்கையைப் புரட்டியபோதுதான் பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது: பிளாக் டயகிராமில் இருக்க வேண்டிய ஓர் அம்புக்குறி இல்லை.

அறிக்கையில் முதலில் வருவது சுருக்கம்தான். இருந்தாலும் படத்தை முதலில் வரையுங்கள். அது சரியாக அமைந்தால் சுருக்கத்தின் வாக்கியங்களை அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

படி 1: வேலைக்கு ஒரு கட்டம்

பிளாக் டயகிராம் என்பது சர்க்யூட் படம் அன்று. அதில் ரெசிஸ்டர், டயோடு ஆகியவற்றின் குறியீடுகளுக்கு இடமில்லை. எல்டிஆரும் அதனுடன் தொடராக இணைந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து வெளிச்சத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஒரே வேலையைச் செய்வதால், இரண்டும் ஒரே கட்டத்திற்குள் அடங்கும். பலர் விட்டுவிடுவது டிரான்சிஸ்டர் கட்டத்தைத்தான். சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆர்டுயினோ யுனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதன்று. ஆகவே இரண்டுக்கும் நடுவே டிரான்சிஸ்டர் கட்டாயம் வர வேண்டும்.

படி 2: அம்புக்குறிகள்

ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் அதன் வழியே என்ன செல்கிறது என்று எழுதுங்கள். சிக்னலுக்கு மெல்லிய கோடு, மின்சாரத்திற்குத் தடித்த கோடு, ஒளிக்குப் புள்ளிக்கோடு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

```
வெளிச்சம் → எல்டிஆர் → ஆர்டுயினோ → டிரான்சிஸ்டர் → ரிலே → விளக்கு
5 வோல்ட் சப்ளை → எல்டிஆர், ஆர்டுயினோ, ரிலே சுருள்
230 வோல்ட் → ரிலே தொடுமுனை → விளக்கு
விளக்கின் ஒளி - - → எல்டிஆர்
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். விளக்கிற்கான மின்சாரம் ஆர்டுயினோவிலிருந்து வருவதில்லை. ரிலேயின் தொடுமுனை வழியாகத் தனியே வருகிறது. அந்தப் பகுதியை ஆசிரியர் அருகில் இல்லாமல் இணைக்க வேண்டாம்.

மாணவர்கள் வரையாமல் விட்டது நான்காவது வரி. விளக்கு எரிந்ததும் அதன் ஒளி எல்டிஆர் மேலேயே விழுந்தது. ஆர்டுயினோவில் 290 ஆக இருந்த அளவீடு 380-க்கு ஏறியது; நிரலில் எல்லை 300 என்று ஒன்றே ஒன்றுதான் இருந்ததால், விடிந்துவிட்டது என்று கருவி எண்ணிக்கொண்டது. 300-க்குக் கீழே ஏற்றுவது, 450-க்கு மேலே அணைப்பது என இரண்டு எல்லைகள் வைத்ததும் சத்தம் நின்றது. ஆனால் விளக்கின் ஒளி மட்டுமே அளவீட்டை 450-க்கு மேல் ஏற்றிவிடுமானால் இந்த வழி உதவாது. எல்டிஆருக்குக் கறுப்புக் குழாய் மாட்டி, விளக்குக்கு மறைவாக வானம் பார்க்க வைக்க வேண்டும்.

படி 3: படத்திலிருந்து சுருக்கம்

‘இன்றைய நவீன உலகில் மின்சாரம் இன்றியமையாதது’ என்று தொடங்கும் சுருக்கங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. கருவி என்ன செய்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, படத்தில் இடமிருந்து வலமாகச் செல்லுங்கள். பிறகு சோதனையில் கண்டதையும், கருவியால் இயலாததையும் எழுதுங்கள். அந்த மாணவர்கள் திருத்தி எழுதியது இது:

> இருட்டியதும் தெருவிளக்கை ஏற்றி, விடிந்ததும் அணைக்கும் கட்டுப்படுத்தி இத்திட்டத்தில் உருவாக்கப்பட்டுள்ளது. எல்டிஆர் பகுதி வெளிச்சத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆர்டுயினோ யுனோ அதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படித்து, 300-க்குக் கீழே இறங்கினால் விளக்கை ஏற்றவும் 450-க்கு மேலே ஏறினால் அணைக்கவும், டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயை இயக்குகிறது. இரு எல்லைகளுக்கும் இடைவெளி இருப்பதால் அந்தி வேளையில் விளக்கு விட்டுவிட்டு எரிவதில்லை. 9 வாட் எல்இடி பல்புடன் மூன்று மாலைகள் சோதித்தபோது, ஒவ்வொரு மாலையும் ரிலே ஒரே ஒரு முறைதான் இயங்கியது. பல்பு பழுதானால் இக்கருவி அதைக் கண்டறியாது.

முதலில் அவர்கள் ‘40 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும்’ என்று எழுதியிருந்தார்கள். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை, அந்த வரியை அவர்களே அடித்துவிட்டார்கள். மூன்று மாலை என்பது சிறிய எண்தான். ஆனாலும் வாய்மொழித் தேர்வில் எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால், தேதியும் அளவீடும் எழுதிய நோட்டை எடுத்துக் காட்ட அவர்களால் முடியும்.

படி 4: ஒப்பிட்டுப் பார்த்தல்

சுருக்கத்தில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, படத்தில் அதன் கட்டத்தைத் தேடுங்கள். அதேபோல் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் சுருக்கத்தில் தேடுங்கள். 5 வோல்ட் சப்ளையும் 230 வோல்ட் இணைப்பும் மட்டும் சுருக்கத்தில் இல்லாமற்போகலாம். வேறு எது விடுபட்டிருந்தாலும் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும்.