நனைந்த பருத்தியைத் தயங்காமல் கசக்கலாம்

பருத்தி வேட்டியின் கரையில் சேறு படிந்திருந்தால், அதை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், அரை மணி நேரம் நீரில் ஊறவைத்த பிறகு தேய்ப்பதே துணிக்கு நல்லது. பருத்தி இழை நனையும்போது உலர்ந்த நிலையைவிட ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை வலுப்பெறுகிறது, லினனும் அவ்வாறே. இவ்விழைகளில் உள்ள செல்லுலோஸ் என்னும் தாவரப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமானவை என்பதால், உள்ளே புகும் நீர் அவற்றைப் பிரித்துவிடுவதில்லை; மாறாக, இறுகிக் கிடக்கும் இடங்களைத் தளர்த்தி, இழுவிசையைப் பல சங்கிலிகளும் பகிர்ந்து தாங்கச் செய்கிறது. ஆகவே சோப்புப் போட்டுக் கசக்குவதையும், இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பிழிவதையும் வேட்டி தாங்கும்.

ரேயானும் செல்லுலோஸ்தான்; ஆனால் அதன் சங்கிலிகள் குட்டையானவை. நனைந்தால் அவை எளிதில் வழுக்கி விலகுவதால், அதன் வலிமை பாதியளவுக்குக்கூடக் குறையும். பருத்தியைப் போலவே தோன்றும் ரேயான் சட்டையை முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுக்க வேண்டும். வாங்கும்போதே உட்புறச் சீட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

லினனையும் நனைத்துக் கசக்கலாம் என்றாலும், அதன் இழை மடிப்பில் முறியக்கூடியது. ஒரே மடிப்பில் மீண்டும் மீண்டும் இறுக்கி முறுக்கினால் அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். பிளீச்சில் பலமுறை ஊறிய பழைய பருத்திக்கும் இந்த வலிமை இருக்காது, ஏனெனில் அதன் சங்கிலிகள் ஏற்கெனவே அறுந்திருக்கும்.