நாழிக்கும் ஈகைக்கும் நடுவே: ஒரு கவிதையின் வாதத்தைத் தொடர்வதில் நேரும் தவறுகள்

ஒரு காட்சியில் தொடங்கிப் பொதுக்கருத்தில் முடியும் கவிதையை விளக்கும்போது பலரும் இரண்டு முனைகளை மட்டும் எழுதிவிடுகிறார்கள். "முதலில் இன்ன காட்சி வருகிறது, அதன் வழியாகக் கவிஞர் இன்ன கருத்தை உணர்த்துகிறார்" என்பதோடு விளக்கம் நின்றுவிடும். "அதன் வழியாக" என்ற சொல்லுக்குள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. புறநானூற்றின் 189ஆம் பாட்டு இதைப் பழகிக்கொள்ள மிகவும் ஏற்றது. நக்கீரனார் பாடிய அந்தப் பாட்டு எட்டே அடிகள் கொண்டது, வாதத்தின் மூட்டுகளும் வெளிப்படையாகத் தெரிகின்றன.

தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி
வெண்குடை நிழற்றிய ஒருமை யோர்க்கும்
நடுநாள் யாமத்தும் பகலும் துஞ்சான்
கடுமாப் பார்க்கும் கல்லா ஒருவற்கும்
உண்பது நாழி உடுப்பவை இரண்டே
பிறவும் எல்லாம் ஓரொக் குமே
அதனால் செல்வத்துப் பயனே ஈதல்
துய்ப்பேம் எனினே தப்புந பலவே

கடல் சூழ்ந்த நிலத்தை யாரோடும் பங்கிடாமல் ஒரு குடைக்கீழ் ஆளும் அரசன் ஒருபக்கம். நள்ளிரவிலும் பகலிலும் தூங்காமல் விரைந்தோடும் விலங்குக்காகக் காத்திருக்கும், கல்வியில்லாத வேடன் மறுபக்கம். இருவருக்கும் உண்ண வேண்டியது ஒரு நாழி, உடுப்பவை இரண்டு, மற்றவையும் ஒன்றுபோலவே. அதனால் செல்வத்தின் பயன் கொடுத்தல். நாமே நுகர்வோம் என்று இருந்தால் தவறிப்போவன பல.

முதல் தவறு, முதல் நான்கு அடிகளை வெறும் வருணனையாகக் கருதுவது. இந்தக் காட்சியில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. அரசனையும் வேடனையும் எடுத்துவிட்டு, ஒரு வணிகரையும் ஓர் உழவரையும் வைத்துப் பாருங்கள். "எல்லோருக்கும் தேவை ஒன்றே" என்ற முடிவு உடனே தளரும். அவர்களைவிடப் பெரியவருக்கு அது பொருந்துமா என்று கேட்க இடம் கிடைத்துவிடும். பாட்டு இரண்டு கோடிகளைப் பிடித்திருப்பதால்தான் நடுவில் இருப்பவர்களும் வாதத்துக்குள் அடங்குகிறார்கள். 'பொதுமை இன்றி' என்ற தொடர், உடைமையில் இதற்கு மேல் போக முடியாது என்று மேல் எல்லையைக் குறிக்கிறது. 'துஞ்சான்' என்பதும் 'கல்லா' என்பதும் கீழ் எல்லையைக் குறிக்கின்றன. ஒவ்வொரு சொல்லையும் நீக்கிப் பார்த்து, எந்த முடிவு பலவீனமாகிறது என்று குறித்துக்கொள்வது நல்ல சோதனை. எதுவுமே மாறவில்லை என்றால் மட்டும் அதை வருணனை என்று சொல்லலாம்.

இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். 'ஒருமையோர்க்கும்', 'ஒருவற்கும்' ஆகிய இரண்டிலும் நான்காம் வேற்றுமையும் உம்மும் இருக்கின்றன. இரண்டுமே ஐந்தாம் அடிக்காகக் காத்து நிற்கின்றன. நான்கு அடிகள் வரை வாக்கியம் முடிவதில்லை. முடியும் இடத்தில் வருவது கருத்து அல்ல, ஓர் அளவு.

இரண்டாவது தவறுதான் அதிகம் நடப்பது, அதிகம் கெடுப்பதும் அதுவே. "எல்லோரும் சமம், அதனால் கொடுக்க வேண்டும்" என்று சுருக்கிவிடுவது. அப்படிச் சுருக்கினால் 'அதனால்' என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகிறது. தேவைகள் சமம் என்பதிலிருந்து "இருப்பதே போதும் என்று இருங்கள்" என்றும் முடிவுக்கு வரலாம், "அரசனைக் கண்டு ஏங்காதீர்கள்" என்றும் வரலாம். பாட்டு ஏன் ஈதலுக்குப் போகிறது?

விடை 'நாழி' என்ற சொல்லில் இருக்கிறது. நாழி ஒரு முகத்தல் அளவை. "இருவருக்கும் பசிக்கும்" என்று பாடியிருந்தால் ஒற்றுமை மட்டும் கிடைத்திருக்கும். அளவைச் சொன்னதால் ஒற்றுமையோடு ஒரு வரம்பும் கிடைக்கிறது: உலகையே ஆண்டாலும் ஒரு நாளில் உண்பது நாழிதான். வரம்பு இருந்தால் மிச்சம் இருக்கும். வேடனிடம் மிச்சம் இல்லை, அரசனிடம் மலையளவு இருக்கிறது. தன்னால் உண்ணவும் உடுக்கவும் முடியாத அந்த மிச்சத்துக்கு என்ன பயன்? ஏழாம் அடி சரியாக அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. அதனால்தான் அதில் 'பயன்' என்ற சொல் வருகிறது. "செல்வர் கொடுக்க வேண்டும்" என்ற கட்டளை அங்கே இல்லை.

மிச்சத்தைப் பற்றிய இந்தப் படி பாட்டில் எழுதப்படவில்லை. ஆறாம் அடிக்கும் ஏழாம் அடிக்கும் நடுவே அது மறைந்திருக்கிறது. விளக்கம் எழுதுபவர் அதை ஒரு முழு வாக்கியமாகத் தன் சொல்லில் எழுத வேண்டும். எழுதிய பிறகு, அதற்குச் சான்றாகப் பாட்டிலிருந்து ஒரு சொல்லையாவது காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே 'நாழி', 'இரண்டே', 'பயனே' என்று மூன்று சொற்கள் சான்று நிற்கின்றன. ஒன்றுகூடக் காட்ட முடியாவிட்டால் அந்தப் படி நம்முடையது, கவிதையுடையது அல்ல.

மூன்றாவது, தாவலைத் தாவல் என்று சொல்லாமல் விடுவது. உணவு, உடை என்று இரண்டை மட்டும் காட்டிவிட்டு, 'பிறவும் எல்லாம்' என்று ஆறாம் அடி ஒரே வீச்சில் அனைத்தையும் அள்ளிக்கொள்கிறது. வாதத்தில் மிகத் துணிச்சலான அடி இதுதான், நிறுவப்படாத அடியும் இதுதான். நோய், மூப்பு, சாவு என்று எடுத்தால் பொருந்தும், அதிகாரம் என்று எடுத்தால் பொருந்தாது. பாட்டு சமமாக்குவது உடம்பின் தேவைகளை மட்டுமே. அரசனும் வேடனும் எல்லா வகையிலும் சமம் என்று அது எங்கும் சொல்லவில்லை. இதைக் குறிப்பிடுவது கவிதையைக் குறை கூறுவதாகாது. எந்த இடத்தில் கவிஞர் நம் சம்மதத்தைக் கேட்கிறார் என்று காட்டுவது அது.

கடைசி அடியை ஒரு துணை அறிவுரையாக ஒதுக்குவதும் தவறு. ஏழாம் அடியில் முடிவு வந்துவிட்டது. எட்டாம் அடி அந்த முடிவுக்கு எதிர்த்திசையிலிருந்து காரணம் கொண்டுவருகிறது: கொடுக்காமல் நாமே துய்க்க முயன்றால் என்ன ஆகும்? காரணம் எப்போதும் முடிவுக்கு முன்னால்தான் வரும் என்று எண்ணிப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இன்னொரு மாற்றமும் இங்கே நடக்கிறது. இதுவரை படர்க்கையில் இருவரைப் பற்றிப் பேசிய பாட்டு, 'துய்ப்பேம்' என்று தன்மைப் பன்மைக்கு மாறுகிறது. பாடுபவரும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறார். அரசனைப் பற்றியதாக இருந்த கணக்கு நம் கணக்காவது இந்த ஒரு விகுதியால். ஆகவே வினைமுற்றுகள் தன்மையா படர்க்கையா என்று அடி அடியாகக் குறித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

இந்த முறை கைவந்த பிறகு வேறொரு தவறு காத்திருக்கும்: எல்லாப் பாட்டிலும் 'அதனால்' தேடுவது. பாட்டு எந்த வகைப் பொருளைப் பாடுகிறது என்று சொல்லும் பழைய துறைக் குறிப்பு இங்கே உதவும். 189ஆம் பாட்டின் துறை பொருண்மொழிக் காஞ்சி, அதாவது உயிருக்கு உறுதியானதை எடுத்துரைப்பது. பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டின் துறை கையறுநிலை, அதாவது இழப்பால் செயலற்றுப் புலம்புவது. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் அவர்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஐந்து அடிகளில் இரண்டு நிலவுகள், அவ்வளவுதான். "நிலையாமையை உணர்த்துகிறது" என்று அதற்கு ஆறாவது அடி எழுதுபவர் அந்தப் பெண்கள் சொல்லாததைச் சொல்கிறார். அவர்கள் 'எந்தையும் இலமே' என்று நிறுத்திவிட்டார்கள்.