கார்டுக்குத் திரும்ப வேண்டிய காசு எங்கே நிற்கிறது, எந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்பது?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் நிற்கிறேன். அறை ரத்தானவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “தம்பி, எடுக்கும்போது ஒரு நிமிஷத்தில எடுத்தீங்கள், திருப்பித் தர மட்டும் ஏன் ஒரு கிழமை?” கேள்வி நியாயமானது. பதிலை ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

2025 ஜூன் 5, வியாழக்கிழமை. பொசன் விடுமுறைக்கு முன்கூட்டியே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அக்கா இரவு ஏழு மணி போல டெபிட் கார்டில் ரூபா 38,400 கட்டினார். பதினொரு மணிக்கு நான் வழமைபோல கார்ட் மெஷினில் அன்றைய கணக்கை முடித்து அனுப்பினேன். நள்ளிரவில் அவருடைய மாமாவுக்குச் சுகமில்லை என்று வீட்டிலிருந்து போன். விடிய ஐந்தரைக்குப் பையும் கையுமாக இறங்கி வந்துவிட்டார்கள். முழுக் காசையும் திருப்பித் தர முதலாளி சம்மதித்தார். ஆனால் அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தால் அது ஒரு கிழமை வேலையாகிவிட்டது.

முதலில்: ரத்தா, ரீஃபண்டா?

கார்டைத் தட்டியதும் காசு கடைக்குப் போய்விடுவதில்லை. கடையின் வங்கி உங்கள் வங்கியிடம் “இவ்வளவு இருக்கிறதா?” என்று கேட்கிறது. உங்கள் வங்கி “இருக்கிறது” என்று சொல்லி, அந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு ஆறு எழுத்துக்குள் ஒரு அனுமதி இலக்கம் கொடுக்கிறது. துண்டில் `APPR CODE` என்று இருப்பது அதுதான். உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் இந்த ஒதுக்கலுக்கானது. உண்மையான காசு நகர்வது, கடைக்காரர் நாள் முடிவில் கணக்கை அனுப்பிய பிறகுதான்.

நாள் கணக்கை அனுப்புவதற்கு முன்னர் கேட்டிருந்தால், நான் அதே மெஷினில் `VOID` அமர்த்தி, துண்டிலுள்ள `TRACE` இலக்கத்தை அடித்து விற்பனையையே இல்லாமல் செய்திருப்பேன். காசு எங்கும் போகாததால் திரும்பி வர வேண்டியதும் இல்லை. உங்கள் வங்கி ஒதுக்கலை விடுவித்தால் போதும். சில வங்கிகள் அதை உடனே செய்யும், சிலவற்றில் ஒதுக்கல் தானாகக் காலாவதியாகச் சில நாள் பிடிக்கும்.

அனுப்பிய பிறகு கேட்டால் அது ரீஃபண்ட். இது பழைய விற்பனையை அழிப்பது அல்ல, எதிர்த்திசையில் ஒரு புது அலுவல். இதற்குப் புது இலக்கங்கள் உண்டு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். எனவே கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேளுங்கள்: “அண்ணை, இது VOID-ஆ, REFUND-ஆ?” கையில் தரும் துண்டில் மேலேயே அந்தச் சொல் அச்சாகியிருக்கும். துண்டே தரவில்லை என்றால், “போட்டாச்சு” என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீர்கள்.

நாட்கள் எங்கே போகின்றன?

காசு மூன்று இடத்தைத் தாண்ட வேண்டும்: கடையின் வங்கி, நடுவில் விசா அல்லது மாஸ்டர்கார்ட், கடைசியில் உங்கள் வங்கி. விற்பனையின்போது கேள்வியும் பதிலும் நேரடியாக நடப்பதால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. ரீஃபண்ட் பல வேளைகளில் அப்படிக் கேட்டுப் போவதில்லை. நாள் முடிவில் ஆயிரக்கணக்கான மற்றக் கணக்குகளோடு ஒரு கோப்பில் ஏறிப் போகிறது. ஒவ்வொரு வங்கியும் தன் நேரத்துக்கு அந்தக் கோப்பைத் திறந்து, கணக்கில் பதிகிறது. விடுமுறை வந்தால் அப்படியே நிற்கும். எங்கள் ஊரில் சனி, ஞாயிறோடு போயாவும் சேர்ந்துகொள்ளும்.

அக்காவின் காசைப் பாருங்கள். எங்கள் மெஷினில் ரீஃபண்ட் வசதி திறந்து வைக்கப்படவில்லை. மோசடிக்குப் பயந்து இப்படிப் பூட்டி வைப்பது புதிதல்ல. அதனால் வெள்ளி காலை விற்பனைத் துண்டின் பிரதியோடு எங்கள் வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் அதைப் போட்டது 9 ஆம் திகதி திங்கட்கிழமை. செவ்வாய் பொசன் போயா, வங்கி இல்லை. அக்காவின் கணக்கில் காசு விழுந்தது 13 ஆம் திகதி வெள்ளி காலை. நாட்காட்டியில் ஏழு நாள். இடையில் வேலை நாள் என்று பார்த்தால் திங்கள், புதன், வியாழன் மூன்றுதான். கடைகள் ஐந்து முதல் பத்து வேலை நாள் என்று சொல்வது இதனால்தான். அந்த எண்ணிக்கையைக் கடை ரீஃபண்டைப் போட்ட நாளிலிருந்து தொடங்குங்கள், நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல.

எந்த இலக்கத்தை யாரிடம் சொல்வது?

அக்கா சறுக்கிய இடம் இதுதான், அவருக்கு மட்டுமில்லை, அநேகருக்கு. புதன்கிழமை அவர் தன் வங்கிக்குப் போன் எடுத்து, கையிலிருந்த விற்பனைத் துண்டைப் பார்த்து `APPR CODE`-ஐச் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் தேடிவிட்டு, “இது நீங்கள் காசு கட்டினது, ரீஃபண்ட் ஒன்றும் வரேல்லையே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அது விற்பனையின் இலக்கம். அதைக் கொண்டு தேடினால் விற்பனைதான் வரும். ஆனால் அக்காவுக்கு அது, நாங்கள் ரீஃபண்ட் போடவே இல்லை என்று கேட்டது. அடுத்த போன் எனக்கு. நல்லாக ஏச்சு வாங்கினேன்.

ரீஃபண்டைத் தேட உங்கள் வங்கிக்கு வேண்டியது `ARN` என்ற 23 இலக்கம். கடையின் வங்கி ரீஃபண்டைக் கோப்பில் ஏற்றும்போது அதற்கு இடும் தனி இலக்கம் அது. கடை வங்கி, விசா, உங்கள் வங்கி மூவரிடமும் அதே இலக்கம்தான் இருக்கும். துண்டில் அது அச்சாவதில்லை. ரீஃபண்ட் போட்ட அந்த நிமிஷத்தில் பிறந்திருக்கவும் மாட்டாது. ஒன்றிரண்டு வேலை நாள் கழித்து, கடைக்காரர் தன் வங்கியிடம் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

கடைக்காரர் கேட்கும்போது அவர் கையில் வேண்டியது வேறொன்று: `RRN` என்ற 12 இலக்கம். சில துண்டுகளில் `REF NO` என்று இருக்கும். ரீஃபண்டின் `RRN`-ஐத் தன் மெஷின் இலக்கமான `TID`-உடன் சேர்த்துச் சொன்னால் அவருடைய வங்கி `ARN`-ஐ எடுத்துக் கொடுக்கும். நான் புதன் காலை அப்படியே செய்தேன், பின்னேரம் பதில் வந்தது. அடையாளம் தெரியாமல் மறைத்துத் தருகிறேன்:

```
74XXXXX5160XXXXXXXXXXXX
```

முதல் ஏழு இலக்கங்களை விட்டுவிடுங்கள். அவை அமைப்பையும் கடையின் வங்கியையும் குறிப்பவை. அடுத்த நான்கைப் பாருங்கள்: 5 என்பது 2025 இன் கடைசி இலக்கம், 160 என்பது ஆண்டின் 160 ஆவது நாள். மே முடிய 151 நாள், அதோடு 9. ஆக ஜூன் 9. இது கையோடு செய்து பார்க்கக்கூடிய நல்ல சோதனை. கடைக்காரர் தந்த `ARN`-இல் நீங்கள் காசு கட்டிய நாளோ அதற்கு அடுத்த நாளோ இருந்தால், பெரும்பாலும் விற்பனையின் `ARN`-ஐத் தவறுதலாகத் தந்திருக்கிறார். ரீஃபண்டுடையதைத் திரும்பக் கேளுங்கள். 23 இலக்கம் இல்லாமல் 12 மட்டும் இருந்தால், அது `RRN`.

VOID ஆன காசுக்கு `ARN` வராது, ஏனென்றால் அது கோப்பில் ஏறவே இல்லை. ஒதுக்கல் விடுபடாமல் இழுபட்டால் மட்டும், உங்கள் வங்கியிடம் பழைய `APPR CODE`, திகதி, தொகை, VOID துண்டு இவற்றைக் கொடுங்கள். அந்த இலக்கம் உதவுவது இங்கேதான்.

வங்கியிடம் எப்படிக் கதைப்பது?

“என் காசு இன்னும் வரேல்லை” என்று தொடங்கினால் “இன்னும் சில நாள் பாருங்கோ” என்ற பதில்தான் கிடைக்கும். அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் நான் எழுதி அனுப்பியது இது: “என் டெபிட் கார்டின் கடைசி நான்கு இலக்கம் இன்னது. ஜூன் 9 ஆம் திகதி ரூபா 38,400 ரீஃபண்ட் போடப்பட்டிருக்கிறது. அதன் ARN இது. உங்களிடம் வந்த கோப்பில் இது இருக்கிறதா, எப்போது கணக்கில் பதிவீர்கள்? இந்த முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் தாங்கோ.” வியாழன் காலை அதை வாசித்திருக்கிறார். தேடியவர் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்து, இரவு பதிவாகும் என்றார். பதிவானது.

ஒன்றைக் கவனியுங்கள்: கடைசி நான்கு இலக்கம் மட்டும். ரீஃபண்ட் வருவதற்கு கார்டின் முழு இலக்கமோ, பின்னாலுள்ள மூன்று இலக்கமோ, போனுக்கு வரும் ஓடிபியோ தேவைப்படாது. “ரீஃபண்ட் போட ஓடிபி சொல்லுங்கோ” என்று யாராவது கேட்டால் அவர் காசை எடுக்கத்தான் கேட்கிறார்.

கடன் அட்டையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரீஃபண்ட் வருகிறதுதானே என்று மாதக் கட்டணத்தைக் கட்டாமல் விடாதீர்கள். வந்தாலும் அது பொதுவாக நீங்கள் கட்டியதாகக் கணக்கில் எடுபடாது. குறைந்தபட்சத் தொகையைத் திகதிக்குள் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் விழும். டொலரில் வாங்கியிருந்தால், திரும்புவது அன்றைய மாற்று விலையில் என்பதால் ரூபாக் கணக்கு கொஞ்சம் கூடும் அல்லது குறையும்.

அப்படியும் வராவிட்டால்

`ARN` தர முடியாமல் கடை இழுத்தடிக்கிறது என்றால், பெரும்பாலும் ரீஃபண்ட் போடப்படவே இல்லை. அப்போது கடையோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, உங்கள் கார்டைத் தந்த வங்கியில் எழுத்தில் முறையிடுங்கள். “தருவதாக ஒப்புக்கொண்ட ரீஃபண்ட் போடப்படவில்லை” என்பதற்கு விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் தனி வகையே உண்டு. பொதுவாக, கடை ஒப்புக்கொண்ட திகதியிலிருந்து 15 நாள் பொறுத்த பிறகு வங்கி அதை எடுக்கும். 120 நாள் தாண்டினால் எடுக்காது. கடை ஒப்புக்கொண்டதற்குச் சான்று கேட்பார்கள். ரத்துத் துண்டோ, ஒரு வரி மின்னஞ்சலோ, வாட்ஸ்அப் செய்தியோ போதும். உங்கள் வங்கியும் பதில் தராவிட்டால், முறைப்பாட்டு இலக்கத்தோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்குப் போகலாம். வங்கியிடம் முதலில் கேட்டதற்கு அந்த இலக்கமே சான்று.

துண்டைக் கையில் வாங்கியதும் போனில் படம் பிடித்து வையுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். எங்கள் ஊர் வெயிலில், காரின் முன்பக்கத்தில் கிடந்தால் `RRN` இருந்த இடமே தெரியாமல் கறுத்துப் போகும்.